பொ, ஓபொ: வாக்கியத்தில் மரியாதை உட்காரும் இடம்

தகலாக் பேசும் வீடு ஒன்றில், நாய்க்குச் சோறு வைத்தாயிற்றா என்று பாட்டி பேரனிடம் கேட்கிறார். அவன் சொல்லும் பதில் இது: "குமாயின் நா பொ ஆங் ஆசோ." 'குமாயின்' என்றால் சாப்பிட்டது. 'நா' என்பது வேலை முடிந்துவிட்டதைக் காட்டும் சிறு சொல். 'ஆங் ஆசோ' நாயைக் குறிக்கிறது. நடுவில் நிற்கும் 'பொ' மட்டும் இந்தக் கணக்கில் எங்கும் சேரவில்லை. இதே கேள்வியைத் தம்பி கேட்டிருந்தால் பேரன் "குமாயின் நா ஆங் ஆசோ" என்று சொல்லியிருப்பான். நாயும் அதேதான், சோறும் அதேதான், வினைச்சொல்லிலும் ஓரெழுத்து மாறவில்லை. கேட்டவர் மாறினார், 'பொ' வந்தது.

பிலிப்பைன்ஸ் மக்களின் பணிவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் 'பொ', 'ஓபொ' என்ற இரண்டு சொற்களைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. பெரும்பாலும் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்: 'பொ' மரியாதைச் சொல், 'ஓபொ' மரியாதையான 'ஆம்'. அது சரிதான். ஆனால் அந்த மரியாதை யாருக்குப் போகிறது, வாக்கியத்தில் எந்த இடத்தில் உட்காருகிறது, உட்கார்ந்தபின் அக்கம்பக்கத்துச் சொற்களை என்ன செய்கிறது என்று பார்த்தால்தான் அதன் வேலை புரியும்.

ஒலிப்பைப் பற்றி ஒரு குறிப்பு. பிலிப்பைன்ஸில் இச்சொற்களை ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள். இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். 'பொ' குறில்தான், நம்முடைய 'போ' அல்ல. உயிரொலியின் முடிவில் தொண்டை ஒரு கணம் அடைத்து நிற்கும். பேச்சின் நடுவில் வரும்போது மணிலாக்காரர்கள் வாயில் அந்த அடைப்பு கரைந்துவிடுகிறது. 'ஓபொ'வில் அழுத்தம் முதல் அசைக்கு. அதன் பகரத்தைப் 'பல்' என்னும்போது வரும் பகரமாகவே ஒலிக்க வேண்டும். தகலாக் என்பது மணிலாவும் அதைச் சுற்றியுள்ள மாகாணங்களும் பேசும் மொழி. 1937 டிசம்பரில் அதிபர் மானுவேல் கெசோன் தேசிய மொழிக்கு அதை அடிப்படையாக அறிவித்தார். 1987 அரசியல் சட்டம் அந்தத் தேசிய மொழியைப் பிலிப்பினோ என்று அழைக்கிறது. 'பொ' நாடு முழுவதும் பரவியது இந்த வழியாகத்தான்.

நாய் வாக்கியத்துக்குத் திரும்புவோம். மரியாதை மொழிக்குள் இரண்டு வழிகளில் நுழைய முடியும். நாம் யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவருக்குத் தரும் மரியாதை ஒன்று. நாம் யாரிடம் பேசுகிறோமோ அவருக்குத் தரும் மரியாதை இன்னொன்று. மொழியியலாளர் ஸ்டீபன் லெவின்சன் 1983இல் எழுதிய நூலில் இந்த வேறுபாட்டைத் தெளிவாக விளக்கியிருக்கிறார். தமிழில் இரண்டும் உண்டு. 'அப்பா வந்தார்' என்னும்போது மரியாதை அப்பாவுக்கு. கேட்கிறவர் சின்னப் பையனாக இருந்தாலும் 'வந்தார்'தான். 'நாய் சாப்பிட்டுருச்சுங்க' என்று கொங்கு நாட்டில் ஒருவர் சொன்னால் அந்த 'ங்க' நாய்க்கு உரியதல்ல, கேட்டவருக்கு உரியது. 'ஆமாங்க', 'இல்லைங்க', 'மழை வருதுங்க' எல்லாம் இந்த வகை. 'பொ'வைத் தமிழ்க் காதால் கேட்க வேண்டுமானால் இந்த 'ங்க'வை நினைத்துக்கொண்டால் போதும்.

ஆனால் தகலாக்கில் 'வந்தான்–வந்தார்' என்ற பாகுபாடு வினைச்சொல்லில் கிடையாது. வினை ஆளுக்கேற்ப மாறுவதே இல்லை. அதனால் ஒரு பேரன் தன் தம்பியிடம் பாட்டியைப் பற்றிச் சொல்லும்போது "குமாயின் நா சி லோலா" என்கிறான். பாட்டி சாப்பிட்டாயிற்று, 'சி' ஆள் பெயருக்கு முன்னால் வரும் சொல், 'லோலா' பாட்டி. இங்கே 'பொ' இல்லை, அது குறையும் இல்லை. அதே பேரன் பாட்டியிடம் போய்த் தன் தம்பியைப் பற்றிச் சொல்லும்போது "குமாயின் நா பொ சி ஜுன்" என்கிறான். முதல் வாக்கியம் பாட்டியைப் பற்றியது, மரியாதைச் சொல் இல்லை. இரண்டாவது வாக்கியம் சின்னப் பையன் ஜுன்னைப் பற்றியது, மரியாதைச் சொல் இருக்கிறது. பாட்டியைக் குறிக்கும் சொல்லிலேயே உறவின் மதிப்பு இருக்கிறது, அதுவே போதும். 'பொ' எப்போதும் எதிரே நிற்பவரை நோக்கியே போகிறது.

இதைச் சோதிக்க இன்னொரு வழியும் இருக்கிறது. பேரன் மாலையில் நண்பனிடம், 'நான் சாப்பிட்டாயிற்று என்று பாட்டியிடம் சொன்னேன்' என்று அயற்கூற்றாகச் சொன்னால் அதில் 'பொ' வராது, ஏனென்றால் இப்போது கேட்பவன் நண்பன். பாட்டியிடம் சொன்ன சொற்களை அப்படியே நேர்கூற்றாகத் திருப்பிச் சொன்னால் 'பொ' திரும்பி வந்துவிடும். பேசும் நேரத்தில் எதிரில் யார் இருக்கிறார் என்பதை விட்டு இந்தச் சொல்லால் விலக முடிவதில்லை.

இனி இடம். நம் இலக்கணம் இடைச்சொல் என்று வகுத்த இனத்தில் 'பொ'வையும் சேர்க்கலாம். தனியாக நிற்காமல் இன்னொரு சொல்லைச் சார்ந்தே நிற்கும். ஆனால் தமிழ் 'ங்க'போல வாக்கியத்தின் கடைசியில் ஒட்டாது. வாக்கியத்தின் முதல் சொல்லோ சொற்றொடரோ முடிந்தவுடன் இரண்டாவது இடத்தில் வந்து அமர்ந்துகொள்ளும். "புமுந்தா பொ அகோ சா பலெங்கே காஹாபோன்" என்றால் நேற்று நான் சந்தைக்குப் போனேன் என்று பொருள். போனேன் என்பதற்கான 'புமுந்தா' முதலில் வருகிறது, அதன் பின்னால் 'பொ'. 'நேற்றுத்தான் போனேன்' என்று நேற்றை அழுத்த வேண்டுமானால் அதை முன்னே கொண்டுவர வேண்டும்: "காஹாபோன் பொ அகோ புமுந்தா சா பலெங்கே." 'பொ' தன் பழைய துணையை விட்டுவிட்டு நேற்றைக் குறிக்கும் சொல்லின் பின்னால் வந்துவிட்டது. 'நான்' என்னும் 'அகோ'வும் கூடவே நகர்ந்தது.

புதிதாகத் தகலாக் கற்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஆங்கிலத்தில் 'சார்' என்பதை வாக்கியக் கடைசியில் ஒட்டுவதுபோல 'பொ'வையும் கடைசியில் ஒட்டிவிடுகிறார்கள். 'எனக்குத் தெரியாது' என்பதற்கு "ஹிந்தி கோ பொ அலாம்" என்பது இயல்பான வரிசை. ('ஹிந்தி' என்றால் இங்கே 'இல்லை'.) "ஹிந்தி கோ அலாம் பொ" என்று ஒருவர் சொன்னால், மரியாதையோடுதான் பேசுகிறார், ஆனால் இந்த மொழியில் வளர்ந்தவர் அல்ல என்று கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும். "சலாமத் பொ", அதாவது நன்றி, என்பதில் 'பொ' கடைசியில் வருகிறதே என்று கேட்கலாம். அங்கே சொல்லே ஒன்றுதான். இரண்டாவது இடமும் கடைசி இடமும் ஒன்றாகிவிடுகின்றன. அடிக்கடி காதில் விழும் தொடர் அதுதான் என்பதால், கற்பவர்கள் அதை வைத்தே தவறான விதியை வகுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது இடத்துக்குப் 'பொ' மட்டும் போட்டியிடுவதில்லை. சிறு சொற்களும் குறுகிய பதிலிப் பெயர்களும் அங்கே வரிசையில் நிற்கின்றன. யார் முன்னால், யார் பின்னால் என்பதற்குக் கண்டிப்பான ஒழுங்கு இருக்கிறது. பால் ஷாக்டரும் ஃபே ஓத்தானெஸும் 1972இல் வெளியிட்ட தகலாக் இலக்கண நூல் இந்த வரிசையை விரிவாகப் பேசுகிறது. அதன் அடிப்படை எளிது. ஓரசைப் பதிலிப் பெயர்கள் முதலில் வரும். பிறகு 'நா' போன்ற சிறு சொற்கள், பிறகு 'பொ', பிறகு வினாவைக் காட்டும் 'பா'. ஈரசைப் பதிலிப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் கடைசியில். 'எனக்கு' என்ற பொருளில் வரும் 'கோ' ஓரசை, அதனால் "ஹிந்தி கோ பொ அலாம்." 'அவருக்குத் தெரியாது' என்று சொல்ல 'நியா' வேண்டும், அது ஈரசை, அதனால் "ஹிந்தி பொ நியா அலாம்." பதிலிப் பெயரின் இடத்துக்கும் அதன் பொருளுக்கும் தொடர்பே இல்லை, அசை எண்ணிக்கையே அதைத் தீர்மானிக்கிறது.

இப்போது அந்த நாட்டில் ஒருவரை ஒருவர் பார்த்தவுடன் கேட்கும் கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 'சாப்பிட்டாயா?' நண்பனிடம் கேட்டால் "குமாயின் கா நா பா?" 'கா' என்றால் நீ. வரிசை: சாப்பிட்டது, நீ, முடிந்தது, வினா.

பாட்டியிடம் கேட்க வேண்டும். 'பொ'வை மட்டும் நடுவில் செருகினால் பழைய முறைப்படி வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. 'கா' என்ற ஒருமையும் மாற வேண்டும். பன்மைக்கு உரிய 'கயோ' மரியாதை ஒருமையாகவும் பயன்படுகிறது. நம் 'நீங்கள்' எப்படியோ அப்படி. ஆனால் 'கா' ஓரசை, 'கயோ' ஈரசை. ஆகவே 'கா' நின்ற முன்வரிசையில் 'கயோ'வுக்கு இடம் இல்லை, அது கடைசிக்குப் போக வேண்டும். கிடைப்பது "குமாயின் நா பொ பா கயோ?" ஒரு சொல்லைச் சேர்த்து ஒரு சொல்லை மாற்றினோம், வாக்கியத்தின் நடு முழுவதும் கலைந்து அடுக்கப்பட்டுவிட்டது. தகலாக் குழந்தை இதைச் சிறு வயதிலேயே யோசிக்காமல் செய்கிறது. வெளியிலிருந்து வருகிற பெரியவர்களுக்குச் சரளம் வர நெடுங்காலம் பிடிக்கிறது. மரியாதை தெரியாததால் அல்ல, அசைகளை எண்ணிச் சொற்களை இடம் மாற்றும் பழக்கம் கைவராததால்தான்.

இதற்கும் மேலே ஒரு படி இருக்கிறது. 'அவர்கள்' என்று பொருள்படும் 'சிலா'வை எதிரே இருப்பவருக்கே பயன்படுத்துவது. தொலைபேசி மணி அடிக்கிறது. அழைப்பவர் "நந்தியான் பொ பா சி ஜுன்?" என்கிறார், ஜுன் இருக்கிறாரா என்று. எடுத்தவர் "வலா பொ. சீனோ பொ சிலா?" என்கிறார். இல்லை, அவர்கள் யார்? அதாவது, தாங்கள் யார்? முகம் தெரியாத ஒருவரை முன்னிலையில் வைத்து நேராகச் சுட்டாமல், படர்க்கைக்குத் தள்ளி, பன்மையும் ஆக்கி விசாரிக்கிறார்கள். இன்றைய இளைஞர்களிடம் இந்த வடிவம் குறைவு. கடைகளிலும் வீட்டு வாசலிலும் தொலைபேசியிலும் இன்னும் கேட்கிறது. இந்த உரையாடலில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. இருவருமே 'பொ' சொல்கிறார்கள். யார் வயதில் மூத்தவர் என்று இருவருக்குமே தெரியாது. தெரியாத நிலையில் இரு பக்கமும் 'பொ' போட்டுக்கொள்வதே பாதுகாப்பு.

'பொ' வாக்கியத்தில் எவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்பதற்கு நன்றி சொல்லும் தொடர் நல்ல சான்று. 'மிக்க நன்றி' என்பதற்கு "மராமிங் சலாமத்". 'மராமி' என்றால் நிறைய. அதன் கடைசியில் ஒட்டியிருக்கும் 'ங்' அடையையும் பெயரையும் இணைக்கும் ஒட்டு. இதை மரியாதையாகச் சொல்ல இரண்டு வழிகள் உண்டு. தொடரை முழுதாக விட்டு அதன் பின்னால் "மராமிங் சலாமத் பொ" என்று சொல்லலாம். அல்லது முதல் சொல் முடிந்தவுடன் 'பொ'வை நுழைக்கலாம். அப்போது இணைப்பு ஒட்டு 'மராமி'யை விட்டுக் கழன்று 'பொ'வின் மேல் ஏறிக்கொள்கிறது: "மராமி பொங் சலாமத்." அடைக்கும் பெயருக்கும் நடுவில் கேட்பவர் வந்து நின்றுவிட்டார், இணைப்பு அவர் வழியாகப் போகிறது. அரசியல் மேடைகளிலும் செய்தி வாசிப்பிலும் இந்த 'பொங்' நிறையக் கேட்கும். 2010 முதல் 2016 வரை அதிபராக இருந்த மூன்றாம் பெனிக்னோ அக்கினோ, நாட்டின் நிலை குறித்த ஆண்டு உரைகளைப் பிலிப்பினோ மொழியில் ஆற்றினார். அவற்றில் 'பொ' இடைவிடாமல் வரும். நாட்டின் தலைவர் மக்களிடம் 'பொ' சொல்லுகிறார் என்றால், பேச்சில் மக்களே மூத்தவர்கள் என்று அந்தக் கணத்துக்கு ஒப்புக்கொள்கிறார்.

'ஓபொ'வுக்கு வருவோம். 'ஆம்' என்பதற்குத் தகலாக்கில் 'ஓஒ'. அதோடு 'பொ' இணைந்து சுருங்கி 'ஓபொ' ஆனது. 'இல்லை' என்பதற்கு அப்படி ஒரு சுருக்கம் உண்டாகவில்லை. "ஹிந்தி பொ" என்று இரு சொல்லாகவே நிற்கிறது. 'பொ' வாக்கியங்களில் ஒன்றிரண்டில் விட்டுப்போனால் யாரும் கவனிப்பதில்லை. எல்லா வாக்கியத்திலும் போட்டால் பேச்சு விறைத்துப்போகும். நீளமாகப் பேசுகிறவர் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தூவிக்கொண்டு போவதே இயல்பு. 'ஓபொ'வுக்கு அந்தச் சலுகை கிடையாது. பெரியவர் கேட்ட கேள்விக்குக் குழந்தை வெறும் 'ஓஒ' சொன்னால் அது உடனே உறைக்கும். பெரியவர் புருவத்தை உயர்த்தி அந்த 'ஓஒ'வையே கேள்வியாகத் திருப்பிச் சொல்வார். குழந்தை 'ஓபொ' என்று திருத்திக்கொள்ளும். காரணம் எளிது. நீண்ட வாக்கியத்தில் மரியாதையைக் காட்ட வேறு இடங்கள் உண்டு: 'கயோ' இருக்கிறது, உறவுப் பெயர் இருக்கிறது, குரல் இருக்கிறது. ஒற்றைச் சொல் பதிலில் அந்தச் சொல்லைத் தவிர வேறு எதுவும் இல்லை.

ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். 'பொ' தனியாக நிற்காது என்றேன். ஓர் இடத்தில் நிற்கும். உள்ளறையிலிருந்து அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பிள்ளை "பொ?" என்று குரல் கொடுக்கிறான். பெரியவர் சொன்னது காதில் சரியாக விழவில்லை என்றாலும் இதே "பொ?" தான். கேட்கிறேன், சொல்லுங்கள் என்ற அளவுதான் பொருள். சொல்ல வேண்டிய செய்தி எதுவும் இல்லாத இடத்திலும், எதிரில் இருப்பவரின் மதிப்பை மட்டும் சொல்லிவிட்டு இந்தச் சொல் நிற்கிறது.

இதுவே, 'பொ' ஒரு வாக்கியத்தில் என்ன சேர்க்கிறது என்ற கேள்விக்கு நல்ல திறவுகோல். வாக்கியத்தின் செய்தியில் அது எதையும் சேர்ப்பதில்லை. "குமாயின் நா பொ ஆங் ஆசோ" உண்மையா பொய்யா என்பது நாயைப் பொறுத்தது, 'பொ'வைப் பொறுத்தது அல்ல. எதிர்மறை வாக்கியத்தில் 'பொ' வந்தால் மறுக்கப்படுவது சாப்பிட்டது மட்டுமே, மரியாதை மறுக்கப்படுவதில்லை. வினா வாக்கியத்தில் வந்தால் மரியாதை வினாவுக்கு உள்ளாவதில்லை. பேரன் சொன்னதைப் பாட்டி 'பொய்' என்று மறுக்கலாம். அந்த மறுப்பு நாயைத்தான் தொடும். 'பொ'வை அந்த வழியில் தொடவே முடியாது.

தொட வேண்டுமானால் பேச்சை நிறுத்திவிட்டு, பேசும் முறையைப் பற்றியே பேச வேண்டும். தகலாக்காரர்கள் அதையும் செய்கிறார்கள். 'பொ'விலிருந்தே வினைச்சொல்லும் பெயர்ச்சொல்லும் ஆக்கி வைத்திருக்கிறார்கள். 'பமுமுபொ' என்றால் 'பொ' போட்டுப் பேசும் வழக்கம். முப்பது வயதுப் பெண் ஒருத்தி, இருபது வயது ஆள் தன்னிடம் 'பொ' போட்டுப் பேசியதும் எனக்குப் 'பொ' எல்லாம் வேண்டாம் என்று சொல்வது சாதாரணம். தன்னை மூத்தவளாக வைத்துவிட்டானே என்ற சங்கடம் அவளுக்கு. வேறு இருவர் நெருங்கிய நண்பர்கள், பல ஆண்டாக 'கா' போட்டுப் பேசிக்கொள்கிறவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் ஒருவர் திடீரென்று 'ஓபொ' என்றால் மற்றவர் ஏதோ கோபம் என்று எடுத்துக்கொள்வார். மரியாதை ஒரு தொலைவு. தொலைவு வேண்டியவர்களுக்கு அது கௌரவம், நெருக்கம் வேண்டியவர்களுக்கு அது விலக்கம். இரண்டுக்கும் ஒரே சொல்தான் பயன்படுகிறது.

யாருக்குப் 'பொ' என்ற கேள்விக்கு வயது என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். ஜீப்னி வண்டியில் ஏறினால் அந்த விடை போதாது என்று தெரியும். பின்பக்கம் ஏறி, எதிரெதிர் நீளப் பலகைகளில் பயணிகள் உட்காருகிறார்கள். காசை முன்னால் இருப்பவர் கையில் கொடுத்து "பாயத் பொ" என்கிறார்கள், கட்டணம் என்று. கை மாறிக் கை மாறி அது ஓட்டுநரிடம் போகிறது. இறங்கும் இடம் வந்ததும் "பாரா பொ" என்று குரல் கொடுக்க வண்டி நிற்கிறது. ஓட்டுநர் பயணியைவிட இளையவராக இருக்கலாம். நடுவில் காசை வாங்கித் தருகிறவன் பள்ளி மாணவனாக இருக்கலாம். இருந்தாலும் 'பொ' வருகிறது. ஓர் அந்நியரிடம் வேலை வாங்குகிறோம், அவருக்கு அந்த வேலையைச் செய்யக் கடமை இல்லை. அந்தச் சிறு தொல்லைக்குப் 'பொ' ஈடு செய்கிறது.

வீட்டு வாசலில் நின்று கூப்பிடும்போது "தாவோ பொ!" 'தாவோ' என்றால் மனிதர். வந்திருப்பது மனிதர்தான், பேயோ பிசாசோ அல்ல என்று வீட்டாருக்கு அறிவிப்பதாக மக்கள் விளக்கம் சொல்வார்கள். புற்றுமேட்டில் குடியிருப்பதாக நம்பப்படும் 'நூனோ' என்னும் கிழ உருவைத் தாண்டிப் போகும்போது "தாபி-தாபி பொ" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இன்றும் உண்டு. சற்று ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்று பொருள். கண்ணுக்குத் தெரியாதவரிடமும் பேச வேண்டிய நிலை வந்தால் அவரும் எதிரே நிற்பவர்தான், 'பொ' அவருக்கும் உண்டு.

இந்த வரிசையில் கடவுள் எங்கே இருக்கிறார் என்பது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. 1593இல் மணிலாவில் அச்சான 'டோக்ட்ரினா கிறிஸ்டியானா' என்னும் ஞானோபதேச நூலில் தகலாக் செபங்கள் இருக்கின்றன. அதில் உள்ள 'எங்கள் தந்தையே' என்ற செபம் கடவுளை 'கா' என்றே அழைக்கிறது, 'பொ' இல்லாமல். இன்று கோயிலில் எல்லாரும் சேர்ந்து சொல்லும் தகலாக் வடிவமும் அப்படித்தான். மூல இலத்தீனிலும் மறைப்பணியாளர்களின் ஸ்பானிய மொழியிலும் அந்தச் செபம் ஒருமையில்தான் இருந்தது. மொழிபெயர்ப்பு அதைப் பின்பற்றியது. ஆனால் அதே விசுவாசி வீட்டுக்கு வந்து தன் சொந்த வார்த்தைகளில் வேண்டிக்கொள்ளும்போது "சலாமத் பொ, பங்கினோவோன்" என்கிறார், நன்றி, ஆண்டவரே. பாடமாக வந்த செபம் நூலின் இலக்கணத்தில் இருக்கிறது. தானாக வரும் செபம் கடவுளைத் தன் எதிரே உட்கார வைத்து, வீட்டுப் பெரியவரிடம் பேசுவதுபோலப் பேசுகிறது. எது ஆழ்ந்த மரியாதை என்று கேட்டால் நான் இரண்டாவதையே சொல்வேன்.

'பொ'வுக்கு ஒரு தம்பியும் உண்டு: 'ஹொ'. 'ஓபொ'வுக்கு 'ஓஹொ'. மரியாதை அளவில் ஒரு மாற்றுக் குறைவு. கொஞ்சம் வயது கூடியவரிடமும், மரியாதை வேண்டும் ஆனால் விறைப்பு வேண்டாம் என்ற இடத்திலும் வரும். தெற்கே பத்தாங்காஸ் மாகாணத்தில் இதை அதிகம் கேட்கலாம். நகரத்து இளைஞர்கள் நாவில் இது மறைந்துவருகிறது. அவர்களுக்கு 'பொ' உண்டு, அல்லது எதுவும் இல்லை.

'பொ' பிலிப்பைன்ஸ் முழுவதற்கும் பொதுவான பிறப்புரிமை அல்ல. மணிலாவுக்கு வடக்கே கப்பம்பாங்கன் மொழியில் 'பு' இருக்கிறது, இலோக்கானோ மொழியில் பெரியவரை விளிக்கும் 'அப்போ' இதற்கு நெருங்கிய வேலையைச் செய்கிறது. ஆனால் செபு தீவிலும் மின்டனாவோவின் பெரும்பகுதியிலும் கோடிக்கணக்கானோர் பேசும் செபுவானோ மொழியில் இத்தகைய இடைச்சொல் கிடையாது. அவர்கள் மரியாதையை 'நோங்', 'நாங்' என்ற மூத்தோர் விளிகளாலும், தயவுசெய்து என்று பொருள்படும் 'பலிஹுக்' போன்ற சொற்களாலும், குரலாலும் காட்டுகிறார்கள். அந்தப் பகுதிகளிலிருந்து மணிலாவுக்கு வேலைக்கு வரும் ஒருவர் தகலாக் பேசும்போது 'பொ' விட்டுப்போகிறது. கேட்கிற மணிலாக்காரருக்கு அது திமிராகப் படுகிறது. தன் மொழியில் மரியாதையாகப் பேசிப் பழகியவர் இன்னொரு மொழியில் மரியாதை இல்லாதவராகிவிடுகிறார். இந்தத் தவறான தீர்ப்பு நாட்டுக்குள் வெகுகாலமாக நடந்துவருகிறது. தேசிய மொழியை அமைத்தபோது அதோடு சேர்ந்து வந்த அநியாயங்களில் இதுவும் ஒன்று என்றே நினைக்கிறேன்.

அண்மைக் காலத்தில் 'பொ' இரண்டு திசைகளில் நகர்கிறது. ஒன்று, ஆங்கிலத்துக்குள். அலுவலகத்தில் மேலாளர் ஆங்கிலத்தில் செய்தி அனுப்ப, ஊழியர் "நோட்டட் பொ" என்று பதில் தருகிறார். "குட் மார்னிங் பொ", "சாரி பொ", "தேங்க் யூ பொ" என்று ஆங்கிலச் சொற்களின் பின்னால் அது ஒட்டிக்கொண்டே போகிறது. ஆங்கிலத்தில் 'நோட்டட்' என்று மட்டும் சொன்னால், பெரியவருக்கு 'ஓஒ' என்று சொன்னது போன்ற மொட்டை ஒலி. மொழி மாறினாலும் எதிரே இருப்பவர் மாறவில்லை, அவருக்கு உரியதைக் கொடுத்தாக வேண்டும்.

இரண்டாவது நகர்வு ஆசிரியர்களுக்கும் மொழிப் பற்றாளர்களுக்கும் பிடிக்காதது. 'கயோ' இல்லாமல் 'கா'வோடு 'பொ'வைச் சேர்ப்பது: "குமாயின் கா நா பொ பா?" நீ சாப்பிட்டாயா என்பதன் நடுவில் மரியாதை. இணையத்தில் பொருள் விற்கிறவர்களும் வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர்களும் இளைஞர்களும் இப்படிப் பேசுகிறார்கள். தவறு என்று பள்ளியில் திருத்துகிறார்கள். தமிழில் 'நீ சாப்பிட்டியாங்க' என்று ஒருவர் சொன்னால் நம் காதில் எப்படி இடிக்குமோ அப்படி அவர்களுக்கு இடிக்கிறது. ஆனால் இதற்கு ஒரு பிறப்பிடம் இருக்கிறது. குழந்தைக்குப் 'பொ' பழக்குவதற்காகப் பல தாய்மார்கள் குழந்தையிடமே 'பொ' போட்டுப் பேசுகிறார்கள். குழந்தையை யாரும் 'கயோ' என்று அழைப்பதில்லை, அதனால் தாய் வாயிலிருந்து வருவது 'கா'வும் 'பொ'வும் சேர்ந்த வடிவம்தான். குழந்தை முதலில் கேட்கும் மரியாதை வாக்கியமே கலப்பு வாக்கியம். என் கணிப்பில், 'கா' நெருக்கத்தைச் சுமக்க, 'பொ' மரியாதையைச் சுமக்க, இரண்டும் தனித்தனி வேலைகளாகப் பிரிந்துவருகின்றன. வாங்க வருகிறவரிடம் அன்பாகவும் பேச வேண்டும், பணிவாகவும் பேச வேண்டும் என்று நினைக்கும் கடைக்காரருக்கு அந்தப் பிரிவு வசதியாக இருக்கிறது. வாக்கியத்தைக் கலைத்து அடுக்கும் வேலையும் மிச்சம்: 'கா' தன் பழைய முன்வரிசையிலேயே நிற்கிறது, 'பொ' தன் இடத்தில் வந்து அமர்கிறது, வேறு எதுவும் நகரத் தேவையில்லை.